மின்னல் விழுந்தது தோட்டத்தில், புகைந்தது வீட்டுக்குள்: இது எப்படி நடக்கிறது?

கோடை மழை தொடங்கினால் ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரே மாதிரியான படம் வருடா வருடம் கைக்குக் கை மாறி வரும். கீழே திறந்த கேரட் தோட்டம், மேலே தலையைத் தொடுவது போலக் கருமேகம், நடுவில் கிளை விரித்து இறங்கும் ஒரு மின்னல், தோட்டத்து ஓரத்தில் விளக்கு எரியும் ஒரே ஒரு சின்ன வீடு. படத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "விளக்கை எரியவிட்டால் மின்னலை இழுக்கும், அணைக்கச் சொல்லுங்கள்" என்பது ஒரு கட்சி. "வீட்டை விட்டுத் தள்ளித்தானே விழுந்திருக்கிறது, பிழைத்தார்கள்" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. விளக்கு எதையும் இழுக்காது. ஆனால் தள்ளி விழுந்துவிட்டது என்பதால் அந்த வீட்டுக்குள் ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் டிவி போயிருக்கும், மோட்டார் ஓடாது, மீட்டர் போர்டு கருகியிருக்கும், கூரையில் ஒரு கீறல்கூட இருக்காது.

இது ஏன் என்று புரிய வேண்டுமானால் வீட்டைப் பார்க்கக்கூடாது. அந்த விளக்குக்குக் கரண்ட் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மேகத்தில் நடப்பது, சுருக்கமாக

இடிமேகத்துக்குள் காற்று வேகமாக மேலே ஏறுகிறது. ஏறும் ஈரம் உறைந்து, மெல்லிய பனித்துகள்களாகவும் கொஞ்சம் கனமான, மெத்தென்ற ஆலங்கட்டித் துகள்களாகவும் ஆகிறது. இவை ஒன்றோடொன்று மோதும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. லேசான துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு மேலே போய்விடும், கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு மேகத்தின் நடு, கீழ்ப் பகுதியில் தங்கிவிடும். இதற்குப் பனி உறையும் உயரத்தைத் தாண்டி, மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த பகுதி வரை மேகம் வளர்ந்திருக்க வேண்டும்.

மழை பெரிதென்றால் மின்னலும் பெரிது என்று நினைக்கத் தோன்றும், அப்படி இல்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை, அந்த மழையில் பொதுவாக மின்னல் குறைவு, ஏனென்றால் அந்த மேகத்தில் காற்று அவ்வளவு மூர்க்கமாக மேலே ஏறுவதில்லை. மின்னலுக்குப் பயப்பட வேண்டிய காலம் ஏப்ரல், மே மாதத்துப் பிற்பகல்களும், அக்டோபர் வாக்கில் பருவம் மாறும் நாட்களும்தான். காலையில் நல்ல வெயில், இரண்டு மணிக்கு மேல் மேகம் கோபுரமாக எழும், மூன்று மணிக்கு முதல் உறுமல்.

மலையில் இன்னொரு விஷயம். நம் பகுதியில் பனி உறையும் மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நிற்பவருக்கு அது தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நஞ்சநாடு, இத்தலார் பக்கத்துத் தோட்டத்தில் நிற்பவர் ஏற்கெனவே 2 கிலோமீட்டருக்கு மேல் ஏறி நிற்கிறார், அவருக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, மின்னூட்டம் சேரும் பகுதி அவருக்கு அவ்வளவு பக்கம். மேகத்தின் அடிப்பாகம் பல நாள் தோட்டத்தையே மூடிக்கொண்டு நிற்கும்.

எங்கே விழுவது என்று எப்போது முடிவாகிறது?

கண்ணுக்குத் தெரியும் பளிச்சென்ற வெளிச்சம் கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன், மேகத்திலிருந்து மங்கலான ஒரு மின்பாதை சுமார் 50 மீட்டர், 50 மீட்டராகத் தாவித் தாவி இறங்குகிறது. இதை லீடர் என்கிறார்கள். படத்தில் கீழ்நோக்கிப் பிரியும் கிளைகள் தெரிந்தால் அவை இந்த லீடர் வழி தேடிய தடங்கள். தரைக்கு வர அதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

இறங்கும்போது கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மலையும் வீடும் மரமும் அதற்கு ஒன்றுதான். கடைசித் தாவலின் தூரத்துக்குள் எது முதலில் வருகிறதோ அதில் விழும். அந்தத் தூரம் மின்னலின் பலத்தைப் பொறுத்தது. 30,000 ஆம்பியர் என்பது சாதாரண மின்னல், அதற்குச் சுமார் 90 மீட்டர். 10,000 ஆம்பியர் சின்ன மின்னலுக்குச் சுமார் 45 மீட்டர்.

பொறியாளர்கள் இதைக் கணக்கிட 90 மீட்டர் ஆரமுள்ள ஒரு ராட்சதப் பந்தைத் தோட்டத்தின் மேல் உருட்டுவதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். பந்து தொடும் இடத்தில் மின்னல் விழும். நம் படத்தில் மின்னல் வீட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பந்து அந்த இடத்தில் தரையைத் தொட்டு நிற்கும்போது, வீட்டுக்கு நேர் மேலே பந்தின் வளைவு சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டின் உயரம் 4 மீட்டர். ஆகவே பந்து வீட்டைத் தொடவே இல்லை, அடி தரைக்கு. அதே வீட்டோரம் 20 மீட்டர் உயரக் கற்பூர மரம் ஒன்று நின்றிருந்தால் அந்த அடி மரத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து தகரக் கூரைக்குத் தாவியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

விளக்குக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெளிச்சம் மின்னலை இழுப்பதில்லை, கையில் உள்ள மொபைலும் இழுப்பதில்லை, தகரக் கூரையும் தகரம் என்பதற்காக இழுப்பதில்லை. உயரமும் இடமும்தான் பேசுகின்றன.

வீடு சின்னது, கம்பி பெரியது

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் 4, தகரக் கூரை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஐந்தாறு போஸ்ட் தாண்டி, தோட்டத்துக்குக் குறுக்கே 300 மீட்டர் மேல்கம்பியில் கரண்ட் வருகிறது. தனி வீடு என்றால் இப்படித்தான் இருக்கும்.

மின்னல் பாதுகாப்புக்கான உலக அளவுகோல் ஒன்று இருக்கிறது, எண் IEC 62305. அது "எவ்வளவு பரப்பில் விழும் மின்னல் இந்த வீட்டைப் பாதிக்கும்" என்று கணக்குப் போடச் சொல்கிறது. நம் வீட்டுக்கு அந்தக் கணக்கு மூன்று விடைகளைத் தருகிறது.

1. வீட்டின் மேல் நேராக விழுவதற்கான பரப்பு: சுமார் 840 சதுர மீட்டர். அதாவது இருபது சென்ட் சொச்சம்.
2. வீட்டுக்கு வரும் கம்பியின் மேல் நேராக விழுவதற்கான பரப்பு: 12,000 சதுர மீட்டர். ஏறக்குறைய மூன்று ஏக்கர்.
3. கம்பிக்கு அருகே எங்காவது விழுந்து, கம்பி வழியாக வீட்டைத் தொடுவதற்கான பரப்பு: 12 லட்சம் சதுர மீட்டர். கிட்டத்தட்ட 300 ஏக்கர்.

கணக்குக்காகச் சதுர கிலோமீட்டருக்கு வருடம் இரண்டு மின்னல் தரையில் விழுகிறது என்று வைத்தால், வீட்டின் மேல் நேராக விழ அறுநூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. கம்பியில் விழ நாற்பது வருடத்துக்கு ஒரு முறை. கம்பி வழியாகத் தொந்தரவு வர, வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல். கம்பி முழுக்கத் திறந்த வெளியில் போனால் இந்தக் கணக்கு. பக்கத்தில் உயரமான மரங்களோ கட்டடங்களோ மறைத்தால் எண்ணிக்கை குறையும்.

மூன்றாவது எண் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். கம்பியைத் தொடாமலே கம்பியில் எப்படி வோல்டேஜ் வரும்? மின்னல் பாயும் நொடியில் அதைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் திடீரென மாறுகின்றன. அந்த மாற்றத்துக்குள் ஒரு நீளமான கம்பி நின்றால் அதில் வோல்டேஜ் எழும். சின்ன வீட்டில் பத்து மீட்டர் வயரிங்கில் எழுவது கொஞ்சம், 300 மீட்டர் கம்பியில் எழுவது நிறைய. எளிய சூத்திரப்படி, 6 மீட்டர் உயரத்தில் போகும் கம்பியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி 30,000 ஆம்பியர் மின்னல் விழுந்தால் கம்பியில் சுமார் 7,000 வோல்ட் எழுகிறது. 200 மீட்டரில் சுமார் 35,000. நம் டிவி, ஃபிரிட்ஜ் போன்றவை இப்படி நொடிப்பொழுதில் வந்து போகும் வோல்டேஜை 2,500 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. ஒரு கிலோமீட்டர் என்றால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி. மூன்று எண்ணி முடித்ததும் இடி கேட்டால், "தூரத்தில்தான்" என்று உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் 7,000 வோல்ட் வந்து போயிருக்கலாம்.

இப்படி ஒரு கணம் எகிறி விழும் வோல்டேஜைத்தான் சர்ஜ் என்கிறோம்.

தரையே எழும்பும்போது

கம்பி வழி ஒன்று. இன்னொரு வழி தரை. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள மூன்று சொல் போதும்.

*ஃபேஸ்*: கரண்ட் வரும் கம்பி. *நியூட்ரல்*: கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, இது டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் தரையோடு இணைந்திருக்கும். *எர்த்*: வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்திருக்கும் குழாய் அல்லது தகடு, மூன்று பின் பிளக்கின் தடித்த பின் இதோடுதான் இணைந்திருக்கிறது.

சாதாரண நாளில் வீட்டு எர்த்தும் 300 மீட்டர் தள்ளியிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தும் ஒரே மட்டம், இரண்டும் பூமிதான், வித்தியாசம் பூஜ்யம் மாதிரி. மின்னல் விழும் கணத்தில் பூமி ஒன்று இல்லை, இடத்துக்கு இடம் வேறு.

30,000 ஆம்பியர் ஒரு புள்ளியில் தரைக்குள் போகிறது. மண் அதைச் சுலபமாக விழுங்காது. ஊட்டிப் பக்கம் மேலே கொஞ்சம் செம்மண், அடியில் சார்னோகைட் பாறை. பாறை கரண்டை அநேகமாகக் கடத்தாது, ஆகவே கரண்ட் மேல்மண்ணிலேயே பரவுகிறது. மண்ணின் தடைத்திறன் 500 ஓம் மீட்டர் என்று எடுத்துக் கணக்குப் போட்டால், மின்னல் விழுந்த இடத்திலிருந்து 50 மீட்டரில் தரையின் வோல்டேஜ் சுமார் 48,000. 300 மீட்டரில் சுமார் 8,000. குளத்தில் கல்லைப் போட்டால் விழுந்த இடத்தில் தண்ணீர் மேலெழுந்து ஓரம் போகப் போகத் தணியுமே, அதைப் போல. உண்மையான மண் இவ்வளவு சீராக இருக்காது, ஆனால் அளவு இந்த வகையில்தான்.

இப்போது நம் வீட்டுக்குள் வாருங்கள். வீட்டு எர்த் மின்னலிலிருந்து 50 மீட்டரில் இருக்கிறது, அது 48,000க்கு எழும்பிவிட்டது. நியூட்ரல் கம்பி எங்கோ 300 மீட்டர் தள்ளிய டிரான்ஸ்ஃபார்மர் தரையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது, அது 8,000ல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 40,000 வோல்ட். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் எது? உங்கள் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார். எர்த் பின் ஒரு பக்கம், நியூட்ரல் மறுபக்கம். இன்சுலேஷன் உடைந்து கரண்ட் தரையிலிருந்து எர்த் வழியாக ஏறி, மெஷின் வழியாகப் பாய்ந்து, நியூட்ரல் கம்பியில் வெளியேறிவிடும். வானத்திலிருந்து வந்தது வீட்டுக்குள் கீழிருந்து ஏறி வருகிறது.

கம்பி வழி வந்தாலும் தரை வழி வந்தாலும் முடிவு ஒன்றுதான். தொலைவிலிருந்து வரும் தரைக்கும் காலடித் தரைக்கும் நடுவே இழுபறி, நடுவில் மாட்டியது சாகிறது.

எது முதலில் போகும்?

இரண்டு வெவ்வேறு வழியாக வெளியுலகத்தோடு இணைந்திருக்கும் பொருள்தான் முதலில் போகும். டிவியைப் பாருங்கள். பிளக் வழியாக ஈ.பி. கம்பி, டிஷ் கேபிள் வழியாகக் கூரை. கிணற்று மோட்டார்: மேலே கம்பி, கீழே தண்ணீரும் மண்ணும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது, ஆனால் அந்தக் கேபிளோடு இரும்புத் தாங்குகம்பி வந்தால் அதுவும் ஒரு வழிதான். மாறாக, இரண்டு பின் சார்ஜரில் தனியாக நிற்கும் பொருளுக்கு எர்த் தொடர்பு இல்லாததால் பல நேரம் தப்பிவிடும். ஒரே பிளக் பாயிண்டில் மாட்டிய டிவியும் மேஜை விளக்கும் என்றால், டிவி போய் விளக்கு பிழைப்பது இதனால்தான், அதிர்ஷ்டத்தால் அல்ல.

சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாது. சுவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலும் எர்த்தும் அப்படியே தொடர்பில் இருக்கும். வெட்டும் இடைவெளியும் சுமார் 3 மில்லிமீட்டர்தான். சமவெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும், ஆக மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்பதாயிரம். ஊட்டி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுவதால் ஏழாயிரம் சொச்சமே போதும். 40,000 வோல்ட்டுக்கு இது ஒரு தாண்டலே இல்லை.

எம்.சி.பி. காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. எம்.சி.பி. விழ சுமார் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். சர்ஜ் வந்து போவது அதிலும் நூறில் ஒரு பங்கு நேரத்தில். திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது மாதிரி. எம்.சி.பி. விழுந்திருந்தால் அது பின்னால் ஏற்பட்ட ஷார்ட்டினால் விழுந்திருக்கும்.

பிளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் முழுமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் இடைவெளி மில்லிமீட்டரில் இல்லை, அடிக்கணக்கில். டிவிக்கு டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றினால் பாதி வேலை. இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிடுங்கப் போகாதீர்கள், அந்த நேரத்தில் பிளக்கில் கை வைப்பது ஆபத்து. முதல் உறுமல் தூரத்தில் கேட்கும்போதே முடித்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. எல்லா எர்த்தையும் ஒன்றாக இணையுங்கள். பல எலெக்ட்ரீஷியன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மீட்டருக்கு ஒரு எர்த், டிஷ்ஷுக்குத் தனி எர்த், மோட்டாருக்கு இன்னொன்று, "தனித்தனியாக இருந்தால்தான் சேஃப்டி" என்பார்கள். மேலே போட்ட கணக்கின்படி இரண்டு குழி பத்து மீட்டர் இடைவெளியில் இருந்தாலே அவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எழும். தடித்த செம்புக் கம்பியால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் வீடு முழுக்கச் சேர்ந்தே எழும்பும், சேர்ந்தே இறங்கும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்காய்க்கு ஒன்றும் ஆகாததும் இதே காரணத்தால்தான்.

2. மீட்டருக்கு அடுத்ததாக ஒரு சர்ஜ் அரெஸ்டர். கடையில் எஸ்.பி.டி., டைப் 2 என்று கேட்டால் கொடுப்பார்கள். சாதாரண வோல்டேஜில் இது சும்மா இருக்கும், வோல்டேஜ் எகிறினால் ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கட்டிவிட்டு, பிறகு விலகிக்கொள்ளும். நம் வீட்டு இணைப்பு முறைக்கு ஃபேஸ்-நியூட்ரல் நடுவே ஒன்றும், நியூட்ரல்-எர்த் நடுவே ஒன்றும் உள்ள வகை வேண்டும். பெட்டியில் 1+1 என்று போட்டிருக்கும். நியூட்ரல்-எர்த் பக்கம் இல்லாத மலிவு வகை, தரை வழியாக வரும் சர்ஜுக்கு உதவாது.

   இதில் தவறு நடக்கும் இடம் வயர் நீளம். அரெஸ்டரிலிருந்து எர்த் பாருக்குப் போகும் வயரைச் சுருட்டி அழகாக மடித்து வைப்பார்கள். இவ்வளவு வேகமான கரண்டுக்கு ஒரு மீட்டர் வயரே சுமார் ஆயிரம் வோல்ட் தடையாக நிற்கும். மொத்த நீளம் அரை மீட்டருக்குள், நேராக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். நல்ல அரெஸ்டரை இரண்டு மீட்டர் வயரில் மாட்டியதும், மாட்டாததும் ஏறத்தாழ ஒன்று.

3. எர்த் குழியைக் கீழே தோண்டாமல் பக்கவாட்டில் நீட்டுங்கள். இங்கே நான்கைந்து அடியில் பாறை தட்டும். உப்பும் கரியும் போட்டால் முதல் வருடம் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு மழைக்காலத்தில் உப்பு கரைந்து சரிவில் போய்விடும். பாறை தட்டும் இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்துக்கு முழங்கால் ஆழத்தில் பள்ளம் வெட்டி, கால்வனைஸ் பட்டையைப் புதைப்பது பலன் தரும்.

இடிதாங்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அது தீர்ப்பது அறுநூறு வருடக் கணக்கை, வருடத்துக்கு இரண்டு முறை வரும் கணக்கை அல்ல. அரெஸ்டர் போடாமல் இடிதாங்கி மட்டும் வைத்தால் நிலைமை மோசமாகும்: எர்த்தின் தடை 10 ஓம், கரண்ட் 30,000 ஆம்பியர் என்றால் வீட்டு எர்த்தே 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும், அது நியூட்ரலைத் தேடி வீட்டுக்குள்தான் பாயும். நூறு மீட்டர் சுற்றளவைக் காப்போம் என்று விற்கப்படும் விசேஷக் கம்பங்களை மேலே சொன்ன IEC அளவுகோல் ஏற்றுக்கொள்வதில்லை, அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தோட்டத்தில் நிற்பவர்களுக்கு

தரை இடத்துக்கு இடம் வேறு வோல்டேஜில் நிற்கிறது என்றால், இரண்டு காலும் இரண்டு வோல்டேஜில் நிற்கிறது என்று பொருள். மின்னல் விழுந்த இடத்திலிருந்து 20 மீட்டரில், பாதங்களை ஒரு அடி அகட்டி நிற்பவரின் கால்களுக்கு நடுவே 1,700 வோல்ட்டுக்கு மேல் வரும். அதே இடத்தில் மின்னலைப் பார்த்தபடி நிற்கும் மாட்டின் முன்கால், பின்கால் இடைவெளி ஒன்றரை மீட்டர், அதற்கு 8,000க்கு மேல். அதுவும் மாட்டுக்குக் கரண்ட் இதயத்தின் வழியாகப் போகிறது. ஒரே மின்னலில் மரத்தடியில் நின்ற மாடுகள் கூட்டமாகச் சாவதும், பக்கத்தில் நின்ற மேய்ப்பவர் பிழைப்பதும் இப்படித்தான்.

தோட்டத்து ஷெட் நான்கு கம்பத்தின் மேல் ஒரு தகரம். அது மழைக்கு மட்டும்தான் உதவும். கேரட் மூட்டை ஏற்ற வந்த பிக்கப்பின் கேபின், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், ஷெட்டை விடப் பல மடங்கு பாதுகாப்பு, ஏனென்றால் கரண்ட் வெளி உலோகத்தோடு இறங்கிவிடும். பூனாவில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் Damini என்ற மொபைல் செயலி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழும் மின்னலைக் காட்டும். மலை மடிப்பில் சிக்னல் இல்லாத இடங்கள் அதிகம் என்பதால் காதையே நம்ப வேண்டி வரும்: இடி கேட்டால் உள்ளே போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

வீட்டுக்குள் இருப்பவர்கள் இரும்புக் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவுவது, குளிப்பது, சார்ஜில் போட்ட மொபைலைக் காதில் வைப்பது, இந்த மூன்றையும் தள்ளி வைக்க வேண்டும். சார்ஜில் இல்லாத மொபைலில் பேசுவதால் ஒன்றும் ஆகாது.

வந்து போனது எந்த வழி என்று கண்டுபிடிப்பது

மழை விட்டதும் உடனே எல்லாவற்றையும் செருகிவிடாமல் ஒரு சுற்றுப் பாருங்கள். மீட்டர், மெயின் சுவிட்ச், ஃபியூஸ் கேரியரில் கருகல் வாடை இருந்து, வீடு முழுக்க எல்.இ.டி. பல்புகளும் போயிருந்தால் சர்ஜ் கம்பி வழியாக வந்தது. பல்பு எல்லாம் நன்றாக இருக்க, மூன்று பின் பொருளும் டிஷ் பாக்ஸும் மோட்டாரும் மட்டும் போயிருந்தால் தரை வழி என்று சந்தேகிக்கலாம், எர்த்துகள் இணைந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தகரத்தில் ஓட்டை, சுவரில் வயரிங் போகும் தடத்தில் பூச்சு பெயர்ந்திருப்பது, இவை நேரடி அடியின் அடையாளம். அப்போது மெயினைத் தொடாமல் ஈ.பி. ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வெளியே இருப்பதே சரி.

அரெஸ்டரின் முகப்பில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பாகிவிட்டால் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். சிவப்பான பிறகும் வீட்டில் விளக்கு வழக்கம் போலத்தான் எரியும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் போர்டைத் திறந்து அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் ஒரு முறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்த பிறகு பிளக்குகளைச் செருகலாம்.